பதினோராவது ரொட்டி: இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு முன்னோட்டம் எழுதுவது

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்று. மழை இரவு. குசினியில் ஐந்து பேர்: அப்பாயி, அப்பா, அம்மா, கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணன், பள்ளிக்கூடம் போகும் தங்கச்சி. ஆளுக்கு இரண்டு ரொட்டி, தேங்காய்ச் சம்பல், தேத்தண்ணி. சுட்டது பதினொன்று. ஒன்று மிஞ்சுகிறது. இந்தச் சாப்பாட்டை ஒரு பெரிய படத்தின் முன்னோட்டம்போல, கம்பீரக் குரலும் இடி முழக்கமும் வைத்து, 90 நொடிக்கு எழுத வேண்டும். பள்ளி நாடகக் குழுக்களும் சிறிய வீடியோக் குழுக்களும் அடிக்கடி எடுக்கும் வேலை இது. எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் கணக்கில். முதல் வரைவுகளில் ரொட்டி ஒன்பதாக இருக்கும். ஐந்து பேருக்கு ஒன்பது என்றால் யாரோ ஒருவருக்கு மட்டும் ஒன்றுதான், அதனால் மோதல் வலுவாகும் என்று தோன்றும். ஆனால் படித்துக் காட்டினால் யாரும் சிரிப்பதில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு ரொட்டி குறைந்தால் அது யார் தட்டில் குறையும் என்று தெரியும். அம்மா "எனக்குப் பசியில்ல" என்பாள். அதற்குப் பிறகு குரல்காரர் எவ்வளவு கம்பீரமாகப் பேசினாலும் அது பகடியாகாது. அவர் சொல்வது உண்மையாகிவிடும். பகடி நிற்பது, காரியம் எவ்வளவு சிறியது, அதைச் சொல்லும் விதம் எவ்வளவு பெரியது என்ற இடைவெளியில். குறை வந்தால் காரியம் பெரிதாகி, இடைவெளி மூடிவிடும். பதினொன்று என்றால் எல்லோருக்கும் வயிறு நிறையும். மிஞ்சியது யாருக்கு என்பது மட்டும் கேள்வி. அந்தக் கேள்விக்கு வானம் இடிந்தால்தான் சிரிப்பு வரும். ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதும் முன்னரே இந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது மொழி. இங்கே தமிழ் எழுதுகிறவருக்கு வேறு பல மொழிகளில் இல்லாத ஒரு வசதி உண்டு. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே இருக்கும் தூரமே பாதி வேலையைச் செய்துவிடும். குரல்காரர் சுத்தமான எழுத்துத் தமிழில் மட்டும் பேச வேண்டும். வீட்டார் லயத்துப் பேச்சில் மட்டும். "இரவு கவிந்தது. அடுப்பு எரிந்தது. உறவுகள் ஒன்றுகூடின" என்று குரல் சொல்லி முடிக்கும்போது, அப்பாயி "ஏ புள்ள, கல்லு காஞ்சிருச்சி பாரு" என்கிறாள். இரண்டும் ஒட்டாமல் இருப்பதுதான் நகை. குரல்காரர் ஒரு தடவை "செம ரொட்டி" என்று சொல்லிவிட்டாலோ, அண்ணன் ஒரு தடவை "இது எனக்கானது!" என்று வசனம் பேசிவிட்டாலோ இரண்டு கரையும் ஒன்றாகிவிடும்.

அதே காரணத்தால் வீட்டார் தாங்கள் ஒரு முன்னோட்டத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. கண்ணை உருட்டுவது, தட்டைப் பார்த்துத் திடுக்கிடுவது எதுவும் வேண்டாம். அவர்கள் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். பயம் முழுவதும் ஒலியில் இருக்க வேண்டும். ஸ்கிரிப்டில் "அண்ணன் அதிர்ச்சியுடன் பார்க்கிறான்" என்று வந்தால் அடித்துவிட்டு "அண்ணன் பார்க்கிறான்" என்று எழுதினால் போதும்.

குரலுக்கு எத்தனை சொல்? ஆங்கில முன்னோட்டங்களின் "ஓர் உலகத்தில்..." என்ற தொடக்கத்தோடு பெயர் சேர்ந்துபோன டான் லாஃபோன்டேன் (1940–2008) ஆழமாக, நிறுத்தி நிறுத்திப் பேசியவர். இலங்கைத் தமிழ்க் காதுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா போன்றவர்கள் மூச்சு விடாத வேகத்தில் பேசிய அறிவிப்பு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். இந்த ரொட்டிக் கதைக்கு மெதுவான குரல்தான் பொருந்தும். வேகம் வந்தால் கேட்பவர் அதை விளம்பரமாக எடுத்துக்கொள்வார், ஆபத்தாக அல்ல. மெதுவாகப் பேசினால் 90 நொடிக்கு 40 சொல்லே அதிகம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, விகுதிகள் ஏறியவை. கடிகாரம் வைத்து உரக்கப் படிக்காமல் எழுதிய குரல்வரிகள் பெரும்பாலும் இரண்டு மடங்கு நீளமாக வரும். பிறகு பதிவில் அவசரப்பட்டுப் படிக்க வேண்டியதாகும்.

"ஓர் உலகத்தில்" என்பதை அப்படியே தமிழாக்கித் தொடங்கினால் அது காற்றில் தொங்கும். தமிழில் எதிர்பார்ப்பு வாக்கியத்தின் முடிவில்தான் கூடுகிறது. எனவே முக்கியமான சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, அதற்கு முன் ஒரு நொடி நிறுத்த வேண்டும். "ஒரு ரொட்டி எஞ்சியிருந்தது" என்பது செய்தி. "எஞ்சியிருந்தது... ஒன்று" என்பது முன்னோட்டம்.

இனி ஒலிக் குறிப்பு. "பயங்கர இசை" என்று எழுதி விட்டுவிடும் பழக்கம் மிகப் பரவலானது. அதைக் கையில் வாங்கிய எடிட்டர் என்ன செய்வார்? ஏதோ ஒரு முழக்கத்தை எடுத்து முதல் நொடியிலிருந்து கடைசிவரை ஓடவிடுவார். குறிப்பு பயன்பட வேண்டுமானால் எப்போது தொடங்குகிறது, எந்தப் பொருளின்மேல் விழுகிறது, எவ்வளவு நேரம், எப்போது நிற்கிறது என்ற நான்கும் இருக்க வேண்டும். முழக்கம் எப்போதும் காட்சியில் உள்ள ஒரு நிஜச் சத்தத்தின்மேல் விழட்டும்: அகப்பை கல்லில் தட்டுவது, கோப்பை தரையில் வைப்பது. ஒன்றும் நடக்காத இடத்தில் விழும் முழக்கம் சும்மா காதை அடைக்கும்.

நடுப்பகுதி இப்படி வரலாம்:

0:36 – குரல்காரர்: "ஐவர். பதினொன்று. எஞ்சியது... ஒன்று." பின்னால் மழை.
0:42 – தங்கச்சியின் கை தட்டை நோக்கி நகர்கிறது. மழை மட்டும்.
0:45 – அண்ணனின் கையும் நகர்கிறது. அதே நேரம் அம்மா கோப்பையைத் தரையில் வைக்கிறாள். கோப்பைச் சத்தத்தோடு தப்பு மேளத்தில் ஒற்றை அடி. மழைச் சத்தம் சட்டென அறுகிறது.
0:46 – முழு அமைதி, இரண்டு நொடி. இரண்டு கையும் நின்ற இடத்தில்.
0:48 – அப்பா, சாதாரணமாக: "தேத்தண்ணி இன்னும் இருக்கா?" மழைச் சத்தம் திரும்ப வருகிறது.

இதில் உரக்க ஒலிப்பது ஒரே ஒரு அடி. வேலை செய்வது அதற்குப் பின் வரும் இரண்டு நொடி அமைதி. இதற்கு முன் ஏற்கெனவே நாலைந்து முழக்கம் போட்டிருந்தால் இந்த அடி விழுந்தது யாருக்கும் தெரியாது. 90 நொடிக்கு மூன்று பெரிய அடி போதும்: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வேகமான துண்டுக் காட்சிகள் முடியும் இடத்தில் ஒன்று.

தப்பு என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இந்த வீடியோவைப் பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி சரியாக எழாது. கணினியில் வயிற்றைக் கலக்கிய முழக்கம் போனில் மெல்லிய இருமலாகக் கேட்கும். தப்பின் அடியில் கூர்மையான, உயர்ந்த ஒலிப்பகுதி இருக்கிறது. எந்த ஸ்பீக்கரிலும் வரும். ஆழ்ந்த முழக்கம் வேண்டுமானால் தப்பை அதன்மேல் ஏற்றிவைக்கலாம். ஆனால் ஒற்றை அடி மட்டுமே. தொடர் அடியாக வைத்தால் மலையகத்தில் எவரும் அந்தத் தாளத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள்: இது காமன் கூத்துக்கு, இது சாவு வீட்டுக்கு என்று. அப்பாயி உட்கார்ந்து ரொட்டி பிய்க்கும் காட்சிமேல் சாவு அடி விழுந்தால் வீட்டுப் பெரியவர்கள் அதற்குமேல் பார்க்கமாட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

மழைக்கு வருவோம். மேலே 0:45இல் மழை அறுகிறது என்று எழுதிவிட்டோம். அது நடக்க வேண்டுமானால் வசனத்தை மழையில்லாத நேரத்தில் பதிய வேண்டும், மழையைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்க்க வேண்டும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போதே வசனம் பதிந்தால் பிறகு இரண்டையும் சுத்தமாகப் பிரிப்பது கடினம். வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் மழையின் அளவு ஏறி இறங்கி, வெட்டியது காட்டிக்கொடுத்துவிடும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் அங்கே படப்பிடிப்பை நம்பி நாள் குறிக்கக் கூடாது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் அப்போது ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும், அங்கே மழை வருட முடிவில்தான் கனக்கும். எந்தப் பக்கமானாலும் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, அடுப்பு எரியும் வெறும் குசினியின் ஒலியை ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வசன இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். "முழு அமைதி" என்று எழுதிய இடத்தில் மட்டும் அதையும் எடுத்துவிட வேண்டும். காற்றுகூட இல்லாத அந்த வெறுமைதான் காதைத் திடுக்கிட வைக்கும்.

0:52 முதல் 1:10 வரை துண்டுக் காட்சிகள். ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள்: மாவுக் கை, தேத்தண்ணியை நீளமாக ஆற்றுவது, குப்பிவிளக்கு அசைவது, அப்பாயியின் பார்வை, நாய் வாசலில் எழுந்து நிற்பது போன்றவை. இங்கே வசனம் வேண்டாம், குரல்காரரும் வேண்டாம். மேலேறிக்கொண்டே போகும் ஒரு ஒலி மட்டும். ரைசர் என்பார்கள். அது உச்சத்தில் முடியும் நொடியில் கடைசிப் பெரிய அடிக்கு முன் அரை நொடி வெற்றிடம் விடுங்கள். அடி விழுகிறது, திரை கறுப்பு, தலைப்பு: "பதினோராவது".

ரொட்டியை யார் எடுத்தார் என்பதை எங்கும் காட்டக் கூடாது. முன்னோட்டம் பதிலைச் சொன்னால் அது சிறுகதையாகிவிடும். தலைப்புக்குப் பிறகு ஐந்தாறு நொடியில் வரும் சின்னக் காட்சியிலும் பதில் வேண்டாம். அங்கே வேறொரு கதவு திறக்க வேண்டும். இசை கிடையாது, மழை மட்டும். இரண்டு கையும் இன்னும் ரொட்டிமேல். அப்பாயி கிண்ணத்தை விரலால் வழித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:

"சம்பல் முடிஞ்சிருச்சி."

இரண்டு கையும் மெதுவாகப் பின்வாங்குகின்றன. கறுப்பு.