நாற்பத்தொன்பது நாள் விரதம்

வீட்டு கிரைண்டர் புகைந்து அடங்கிய அன்றே இணையத்தில் விலை பார்த்தேன். இரண்டு லிட்டர், மேசை மேல் வைப்பது, 5,490 ரூபாய். உடனே வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. ஆனால் விலை குறைந்தால் மணியடிக்கும் செயலி ஒன்று என் கைபேசியில் இருந்தது. விதி.

அதில் ஆறு மாத விலைக் கோடு தெரிந்தது. அடிமட்டம் 3,999. அதையே இலக்காக வைத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். பிறகுதான் கோட்டை விரித்துப் பார்த்தேன். 3,999 என்பது என்றோ ஒரே ஒருநாள் வந்துபோன விருந்தாளி. 4,499தான் நான்கு முறை வந்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் தங்கியிருந்தது. திரும்பத் திரும்ப வருகிற விலைக்குத்தானே காத்திருக்க முடியும்! இலக்கை 4,500 ஆக்கினேன்.

ஐந்தாம் வாரம், நள்ளிரவு இரண்டு மணிக்கு மணி அடித்தது. 3,850! மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தால், விற்பவர் வேறு. அனுப்பும் கட்டணம் மட்டும் 700. கூட்டினால் 4,550. செயலிக்குப் பொருளின் விலைதான் தெரியும், கட்டணம் தெரியாது. மனைவிக்கு விடியும்வரை தூக்கம் வரவில்லை. எனக்கு அவள் பேசியதால் வரவில்லை.

இதற்கிடையே கோவையிலிருந்து மாமியார் பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கிரைண்டர் பிறந்த ஊர்க்காரர். "மாப்பிள்ளை, இன்று என்ன விலை?" என்று காலைக் காப்பியோடு கேட்பார், தங்கம் விலை கேட்பதுபோல.

பண்டிகைத் தள்ளுபடி நெருங்கியதும் விலை சத்தமில்லாமல் 5,990க்கு ஏறியது. தள்ளுபடி நாளன்று 4,900க்கு இறங்கி, '45 சதவீதம் குறைவு' என்று கொட்டை எழுத்தில் நின்றது. எதிலிருந்து குறைவு? பெட்டியில் அச்சடித்த 8,999லிருந்து. அந்த விலைக்கு யாரும் வாங்கியதாக விலைக் கோட்டில் தடயமே இல்லை. செயலியும் வாய் திறக்கவில்லை. நானும் அசையவில்லை.

மனைவி என் கைபேசியை வாங்கி, பணம் கட்டும் பக்கம்வரை போனாள். அங்கே அவளுடைய வங்கி அட்டைக்குப் பத்து சதவீதம் கழிவு காத்திருந்தது. 490 போக 4,410. என் இலக்கைவிடக் குறைவு! கடைசிப் பக்கத்தில் வரும் கழிவு செயலியின் கண்ணுக்கு எட்டாது என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அவள் வாங்கி முடித்திருந்தாள்.

1,080 ரூபாய் மிச்சம் என்றேன். மாமியார் விரல்விட்டு எண்ணினார். "வாரம் மூன்று பாக்கெட் மாவு, பாக்கெட் 80 ரூபாய், ஏழு வாரம். 1,680 ஆகிறதே மாப்பிள்ளை?" அரைத்திருந்தாலும் அரிசிக்கும் உளுந்துக்கும் செலவுதானே என்று வாதாடினேன். அவர் காப்பி டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மணியை இன்னும் அணைக்கவில்லை. விலை ஏறினால் கூடத்தில் நின்று உரக்கப் படித்துக்காட்டுகிறேன். போன ஞாயிறு 4,299 என்று அடித்தது. நல்லவேளை, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை.