தெற்கு பார்த்த படித்துறை: மகேஷ்வரில் காலையும் மாலையும்

ஆற்றங்கரை ஊருக்குப் போய் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஊரின் படித்துறை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதை. விடிகாலையிலும் அந்தியிலும் நடப்பதற்காகவே போகிறோம் என்றால் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காசியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து இருக்கின்றன. எதிர்க்கரை வெறும் மணல்வெளி என்பதால் சூரியன் எழுந்ததுமே முழு வெளிச்சமும் படிகளில் விழுந்துவிடும். காலை நடைக்கு அதற்கு இணையான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும். அது மறைவதற்கு வெகுநேரம் முன்பே படிகளெல்லாம் கட்டடங்களின் நிழலுக்குள் போய்விடும். ஆரத்தியும் கூட்டமும் இருக்கும். அந்தி வானம் மட்டும் முதுகுப் பக்கம்.

நானும் அக்காவும் டிசம்பரில் மத்தியப் பிரதேசத்து மகேஷ்வருக்குப் போனது இதனால்தான். அங்கே நர்மதை கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. ஊரும் கோட்டையும் வடகரையில் இருப்பதால் படிகள் தெற்கு பார்த்தவை. குளிர்காலத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் அது கிழக்கிலிருந்து சுமார் 25 டிகிரி தெற்கே தள்ளி எழுகிறது, மாலையிலும் அதே அளவு தெற்கே தள்ளி மேற்கில் இறங்குகிறது. அதாவது தெற்கு பார்த்து உட்கார்ந்தால் உதயம் இடது கைப்பக்கம் ஆறு வருகிற திசையில், அஸ்தமனம் வலது கைப்பக்கம் ஆறு போகும் திசையில். ஒரே படியில் இருந்தபடி இரண்டையும் பார்த்துவிடலாம். ஜூனில் போனால் இது நடக்காது. அப்போது சூரியன் வடக்கே ஒதுங்கி, கோட்டையின் பின்பக்கமாக எழுந்து பின்பக்கமாகவே மறையும். அதோடு மழைக்காலம் தொடங்கினால் ஆறு செம்மண் நிறமாகி, கீழ்ப்படிகளை மூழ்கடித்துவிடும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை போவதுதான் சரி.

எங்கள் காலை நடை இப்படி அமைந்தது. டிசம்பர் கடைசியில் அங்கே சூரிய உதயம் ஏறக்குறைய 7 மணிக்கு. நம் ஊரை விட வடக்கேயும் மேற்கேயும் இருப்பதால் தாமதம். வானம் வெளுக்கத் தொடங்குவது அதற்கு அரை மணி நேரம் முன்பு. ஆகவே 6.20க்குப் படியில் இருந்தோம். முதலில் ஆறு வருகிற திசையில், கிழக்கு நோக்கி, வெளிச்சம் வருகிற பக்கமாக மெதுவாக நடந்தோம். அந்த நேரத்தில் படகுகளும் குளிக்கிறவர்களும் நடு ஆற்றில் இருக்கும் சின்ன பாணேஷ்வர் கோவிலும் வெறும் நிழலுருவங்கள்தான். சில நாள் தண்ணீர் மேல் ஆவி மாதிரி மூடுபனி நிற்கும்.

சூரியன் எழுந்ததும் அப்படியே திரும்பிவிட வேண்டும். இனி வெயில் முதுகில், கோட்டை கண்ணெதிரே. தென்கிழக்கிலிருந்து தாழ்வாக வரும் அந்த வெயில் தெற்கு பார்த்த கோட்டைச் சுவரில் சாய்வாக உரசிக்கொண்டு விழுகிறது. கல்லில் செதுக்கிய ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் விழ, உச்சிவெயிலில் தட்டையாகத் தெரிகிற செதுக்கல்கள் அப்போது எழுந்து நிற்கின்றன. இந்த நேரம் முக்கால் மணிதான். வெயில் ஏறினால் போய்விடும்.

இந்தச் சுவரை அவசரமில்லாமல் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1767 முதல் 1795 வரை மால்வாவை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் இந்த ஊரைத் தலைநகராக்கிக்கொண்டு, நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார். மகேஷ்வரி சேலை அப்படி வளர்ந்ததுதான். அதன் கரைகளில் வரும் அலை, பாய் பின்னல், செங்கல் அடுக்கு போன்ற வடிவங்கள் கோட்டையிலும் கோவில்களிலும் உள்ள செதுக்கல்களிலிருந்து எடுத்தவை என்று நெசவாளர்கள் சொல்கிறார்கள். காலையில் சுவரில் அந்த அலை வரிசையைப் பார்த்துவிட்டு, 10 மணிக்கு மேல் கோட்டைக்குள் இருக்கும் ரெஹ்வா நெசவுக்கூடத்துக்குப் போனோம். 1978ல் தொடங்கியது அது. தறியில் ஏறியிருந்த கரையில் அதே அலை. அக்கா வெகுநேரம் அந்தத் தறியை விட்டு நகரவில்லை.

காலை நடையில் இன்னொரு விஷயம் கண்ணில் படும். வெள்ளை உடுத்தி, கையில் தடியும் தோளில் மூட்டையுமாகச் சிலர் கரையோரம் போய்க்கொண்டிருப்பார்கள். நர்மதையை வலம் வருகிறவர்கள். ஆறு எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆகவே வடகரையில் நடப்பவர்கள் எல்லாருமே கிழக்கு நோக்கி, ஆறு பிறக்கும் அமர்கண்டக் திசையில்தான் போவார்கள். விடிகாலையில் நாமும் அவர்களும் ஒரே பக்கம் பார்த்து நடக்கிறோம். எதிர்ப்பட்டால் "நர்மதே ஹர்" என்பார்கள். நாமும் அதையே திருப்பிச் சொன்னால் போதும். வலத்தின் இடையில் அவர்கள் ஆற்றைக் கடக்கக் கூடாது. நாம் படகேறி எதிர்க்கரை நாவ்டாடோலிக்குப் போய்வருவதைப் பார்த்தும் அவர்கள் படகுப் பக்கம் வர மாட்டார்கள்.

மாலையில் திசை மாறும். சூரியன் மறைவது 5.50 சுமாருக்கு. 5 மணிக்கே இறங்கி, இந்த முறை மேற்கு நோக்கி, ஆறு போகிற பக்கமாக நடக்க வேண்டும். சூரியன் இறங்கிய பின் கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினால், மிச்ச வெளிச்சம் பின்னாலும், படிகளில் ஏற்றும் விளக்குகள் முன்னாலும் இருக்கும். ஆரத்தி காசியைப் போலப் பெரியதில்லை. இலைத் தொன்னையில் அகல் வைத்து ஆற்றில் விடுகிறவர்கள் சிலர், அவ்வளவுதான். எனக்கு அந்த அளவே பிடித்திருந்தது.

ஒரு எச்சரிக்கை. மகேஷ்வருக்கு மேலே ஓங்காரேஷ்வர், இந்திரா சாகர் என்று பெரிய அணைகள் இருக்கின்றன. அங்கே மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விடும் அளவைப் பொறுத்து இங்கே ஆறு ஏறி இறங்கும். மழை பெய்ய வேண்டும் என்றில்லை. இதைப் படியே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் விளிம்புக்கு மேலே இரண்டு மூன்று படி கறுத்து ஈரமாக இருந்தால், சற்று முன் ஆறு அதுவரை இருந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பட்டையில் பாசி வழுக்கும். விளிம்பு வறண்டிருந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த படி நனையத் தொடங்கினால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். அக்கா செருப்பைக் கீழ்ப்படியில் கழற்றி வைத்தபோது ஒரு படகுக்காரர் பார்த்துவிட்டு, "தீதி, மேலே வையுங்கள், ராத்திரி தண்ணீர் ஏறியது, மறுபடி ஏறும்" என்றார். நாங்கள் இருந்த அரை மணி நேரத்துக்குள் அந்தப் படி நனைந்தது. இருட்டில் கீழ்ப்படிகளில் நடக்கவே வேண்டாம். கறுத்த பட்டைக்கு மேலே இருக்கும் அகலமான மேடையில் நடந்தால் போதும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். இந்தூர் 90 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆகவே சனி, ஞாயிறு மாலைகளில் படியில் இடமிருக்காது, மோட்டார் படகுச் சத்தமும் ஓயாது. அமாவாசை, பௌர்ணமி, ஜனவரி 14 மகர சங்கராந்தி ஆகிய நாட்களில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் மொத்தமும் குளிக்க வரும். தை வளர்பிறை சப்தமியை ஒட்டி வரும் நர்மதா ஜயந்தி அன்று ஆறு முழுக்க அகல் மிதக்கும். அதைப் பார்க்கப் போவது வேறு பயணம். தனிமை வேண்டுமென்றால் திங்கள் மாலை போய்ச் சேர்ந்து வியாழன் கிளம்புங்கள். படியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். 6 மணிக்கு ஆட்டோ தேட முடியாது. டிசம்பர் விடியலில் குளிர் 10 டிகிரி பக்கம் வந்துவிடும். கல்லில் உட்கார ஒரு தடித்த துண்டும் சால்வையும் தேவை. கேமராவை உள்ளே வைத்துவிடுவதே நல்லது. பெண்கள் குளிக்கும் துறை அது, யாரும் நம் படத்துக்காக அங்கே வரவில்லை.

போகும் வழி: இந்தூருக்கு விமானத்தில் போகலாம். ரயில் என்றால் கேரளத்திலிருந்து தமிழ்நாடு வழியாக இந்தூர் போகும் அகல்யா நகரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராணியின் பெயர்தான் அதற்கு. இந்தூரிலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் தாம்னோத் வரை வந்து, அங்கிருந்து பிரிய வேண்டும். பேருந்தும் உண்டு.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு இதே கணக்கு காவிரியிலும் பொருந்தும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபமும் திருவையாற்றுப் படித்துறையும் காவிரியின் வடகரையில், தெற்கு பார்த்தவை. ஆறு இங்கே கிழக்கே ஓடுவதால் நதி போகிற பக்கம் உதயம், வருகிற பக்கம் அஸ்தமனம். மற்றதெல்லாம் மகேஷ்வர் போலத்தான். ஆனால் இங்கே தண்ணீர் இருக்குமா என்பது முதல் கேள்வி. மேட்டூரில் பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் 12, அடைப்பது ஜனவரி 28. அடைத்த பின் போனால் மணலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே டிசம்பரும் ஜனவரி முதல் பாதியும் பொருத்தம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை ஜனவரியை ஒட்டி வரும். அந்த வாரத்தை மட்டும் தவிர்த்துவிட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.