வேலையை விட்டவர்களின் கைரேகை

திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியின் டைம் ஆபீஸில் பல வருடம் இருந்தேன். புதிதாக ஆள் சேர்ந்தால் வருகைப் பதிவு மிஷினில் அவருடைய கைரேகையைப் பதிவு செய்வது என் வேலை. ஒரே விரலை மூன்று முறை வைக்கச் சொல்வோம், பச்சை விளக்கு எரிந்தால் முடிந்தது. அதற்கு முன்பே ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருப்போம். அதில் எங்கோ ஒரு வரியில் ரேகைக்கான ஒப்புதலும் இருந்தது. ஒருமுறை டெய்லராகச் சேர வந்த ஒரு பையன், "வைக்கலைன்னா என்ன சார் ஆகும்?" என்று கேட்டான். வேலை கிடைக்காது என்று சொன்னேன். அவன் விரலை வைத்தான். அதை எப்படி ஒப்புதல் என்று சொல்வது?

வாசலில் இருந்த மிஷினை மாற்றிய அன்றுதான் இதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறைத்துக்கொள்வார்கள் என்பதால், சப்ளையரின் ஆள் வந்து கழற்றத் தயாராக நின்றார். சும்மா மெனுவுக்குள் போய்ப் பார்த்தேன். பதிவான ஆட்கள் 870 என்று காட்டியது. அன்றைக்கு மஸ்டர் ரோலில் இருந்தவர்களோ 312 பேர்.

மற்ற 558 பேரும் வேலையை விட்டுப் போனவர்கள். அவர்களுக்குக் கணக்கு முடித்ததும் கம்ப்யூட்டரில் 'விலகியவர்' என்று மாற்றுவோம். சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மிஷினில் ரேகையும் போய்விடும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். போகாது. எங்கள் சாஃப்ட்வேரில் மிஷினுக்கென்று தனியாக நீக்கும் கட்டளை அனுப்ப வேண்டும், அதுவும் ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனியாக. ஊரைவிட்டே போய்விட்ட 558 பேரின் விரல்களை யாரோ ஒருவரின் பைக் பெட்டியில் ஏற்றி அனுப்ப இருந்தேன்.

சப்ளையர் பயப்பட வேண்டாம் என்றார். உள்ளே ரேகையின் படம் இல்லை, டெம்ப்ளேட்தான் இருக்கிறது என்றார். அது உண்மைதான். ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை மட்டும் மிஷின் எண்களாகக் குறித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்தே மூல ரேகையைப் போன்ற படத்தைத் திரும்ப உருவாக்க முடியும் என்று 2007-லேயே ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டு வெளியே போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரலுக்கு என்ன செய்வது? அன்று மிஷினைக் கொடுக்கவில்லை. எல்லாத் தகவலையும் அழித்து, ஆட்கள் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டிய பிறகு மறுநாள்தான் கொடுத்தேன்.

அதற்கப்புறம் சட்டத்தையும் தேடிப் படித்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் கைரேகை, முகம் போன்றவற்றை கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவல் என்கின்றன. அவற்றை வாங்க எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், தர மறுக்கவும் வழி இருக்க வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி. அதன் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கு ஒப்புதல் இல்லாமலேயே தகவலைக் கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அப்போதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் 8-ஆம் பிரிவு இருக்கிறது. தகவலைப் பாதுகாப்பதும், அது எதற்காக வாங்கப்பட்டதோ அந்தத் தேவை முடிந்ததும் அழிப்பதும் முதலாளியின் கடமை என்கிறது அது. கணக்கு முடித்துப் போனவரின் ரேகைக்கு வருகைப் பதிவில் இனி என்ன தேவை இருக்கிறது?

மறுப்பதற்கு வழி செய்து கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்பதைச் செக்கிங் பிரிவில் இருந்த ஒரு அக்காதான் எனக்குக் காட்டினார். துணியைத் தடவித் தடவி அவருக்கு விரல் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. தினமும் காலையில் வரிசையை நிறுத்திவிட்டு, "இன்னொரு விரல் வைங்கக்கா" என்று நான் சொல்ல, அவர் ஈரத்தைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார். ஒரு வாரத்தில் இரண்டு நாள் ஆப்சென்ட் விழுந்தது. கடைசியில் அவருக்கு ஒரு கார்டு போட்டுக் கொடுத்தோம். கார்டு படிக்கும் வசதி முதல் நாளிலிருந்தே அந்த மிஷினில் இருந்தது. யார் கேட்டாலும் கொடுத்திருக்கலாம். அந்தப் பையனுக்கும் கொடுத்திருக்கலாம்.

மேனேஜரிடம் பேசி, ரேகைக்கென்று தனியாகத் தமிழில் ஒரு தாள் போட்டோம். எதற்கு வாங்குகிறோம், எங்கே இருக்கும், எப்போது அழிப்போம், வேண்டாமென்றால் கார்டு உண்டு என்று அரைப்பக்கம். கணக்கு முடிக்கும் தாளிலும் ஒரு கட்டம் சேர்த்தோம். மூன்று மிஷினிலும் நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரிலும் அதன் பேக்கப்பிலும் இருக்கும் பிரதியையும் அழித்த பிறகுதான் அதில் டிக் விழும். பேக்கப்பைத் தொழிலாளி பார்க்க முடியாது, அதற்கு எங்கள் வார்த்தைதான். மிஷினை அவரே சோதித்துப் பார்க்கலாம். கிளம்புவதற்கு முன் மூன்றிலும் ஒருமுறை விரலை வைக்கச் சொல்வேன். சிவப்பு விளக்கு எரிந்த பிறகே அவரிடம் கையெழுத்து வாங்குவேன்.