சப்போர்ட் மூளையோடு ஆர்க்கிடெக்ட் தேர்வு எழுதியவன் சொல்வது

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் 781. போன தடவை 698. பாஸ் மார்க்கான 720-க்கு 22 குறைந்ததற்காக 14 நாள் காத்திருந்து, மறுபடி பணம் கட்டி உட்கார்ந்தேன். முதல் தடவை பாடம் தெரியாமல் தோற்கவில்லை. நான் மூன்று வருடமாக கிளவுட் சப்போர்ட் இன்ஜினியர். "இப்போதே இதை எப்படி ஓட வைப்பது?" என்றே ஒவ்வொரு கேள்வியையும் படித்தேன். அதுதான் கவிழ்த்தது.

தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது. அதனால் என் வேலையில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் தள்ளுபடி விற்பனை இரவு. தேவைப்படும்போது மட்டும் ஓடும் சிறு நிரல்களான லாம்ப்டா ஃபங்ஷன்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓடின. ஒவ்வொன்றும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்குத் தனி கனெக்‌ஷன் திறந்தது. சிறிது நேரத்தில் லாக் முழுக்க இதுதான்:

```
ERROR 1040 (HY000): Too many connections
```

டிக்கெட் என்னிடம் வந்தது. கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்ச்சில் `DatabaseConnections` கோடு உச்சியில் போய்ப் படுத்துக் கிடந்தது. சிபியு சும்மா இருந்தது. டேட்டாபேஸ் திணறவில்லை, வாசல்தான் அடைத்திருக்கிறது என்று புரிந்தது. அதன் வரம்பான `max_connections`-ஐ உயர்த்தச் சொன்னேன். சைட் எழுந்தது, டிக்கெட்டை மூடினேன். சப்போர்ட் வேலை என்றால் அறிகுறியைப் படிப்பது, காரணத்தைக் கண்டுபிடிப்பது, பதற்றத்தில் இருப்பவருக்குத் தெளிவாகப் பதில் எழுதுவது. நாள் முழுக்க இதுவே.

சைட் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்ஈ அதே சம்பவத்தை வேறு கணக்கில் பார்த்தார். இலக்கு 99.9 சதவீதம் என்றால் 30 நாளில் 43 நிமிடம்தான் விழலாம். அன்று மட்டும் 26 நிமிடம் போயிற்று. மீதி 17 நிமிடம் என்பதால் புது ரிலீஸ்களை நிறுத்திவைக்கச் சொன்னார். கனெக்‌ஷன் 80 சதவீதத்தைத் தொட்டதும் அடிக்கும்படி அலாரம் வைத்தார். என்ன நடந்தது என்று, யார்மேலும் பழி போடாமல், அறிக்கை எழுதினார்.

லாம்ப்டாவுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஆர்டிஎஸ் ப்ராக்ஸியை வைப்பது என்று முடிவானதும் டெவ்ஆப்ஸ்காரர் அதை டெராஃபார்மில் கோடாக எழுதி, முதலில் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங், பிறகு புரொடக்‌ஷன் என்று பைப்லைன் வழியாக அனுப்பினார்.

அந்த முடிவை எடுத்தவர் ஆர்க்கிடெக்ட். கனெக்‌ஷன் வரம்பை உயர்த்திக்கொண்டே போனால் மெமரி தின்னும், அடுத்த விற்பனைக்கு அதுவும் போதாது. ப்ராக்ஸி சில கனெக்‌ஷன்களையே திறந்து வைத்து எல்லோருக்கும் பகிரும். அவருடைய நாள் மாற்று வழிகளை எடைபோடுவது, செலவுக் கணக்கு, மீட்டிங், படம் வரைவது. இரவு போன் அவருக்கு அரிதாகத்தான் வரும்.

இதே மாதிரிச் சூழல் தேர்வில் வந்தால் வரம்பை உயர்த்துவதும் ஒரு ஆப்ஷனாக இருக்கும். அது வேலையும் செய்யும். ஆனால் கடைசி வரி "LEAST operational overhead", அதாவது பராமரிக்கும் வேலை மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றால் விடை அதுவல்ல.

இரண்டாம் தடவை செய்தவை:

- கடைசி வரியை முதலில் படித்தேன்.
- இரவு பத்துக்குமேல் படிக்கவில்லை. ஷிப்ட் முடிந்த மூளையில் சப்போர்ட்தான் ஓடுகிறது.
- பயிற்சித் தாளில் தவறிய ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் அது யாருடைய விடை என்று குறித்தேன்: ச, எஸ், டெ, ஆ.

முதல் தாளில் 24 தவறு, அதில் 15 'ச'. தேர்வுக்கு முந்தைய நாள் தாளில் 'ச' மூன்றுதான்.