அவருடைய ரிப்போர்ட்

மார்ச் 3, 2024

கருக்குழாய்ப் பரிசோதனை முடிந்தது. கருப்பை வாய் வழியாகச் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது போன்ற வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. குழாய் இரண்டும் திறந்திருக்கின்றன. முட்டை வளர்ச்சி, தைராய்டு எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று, அவற்றிலும் குறை இல்லை.

டாக்டர் என் ஃபைலைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கேம்மா?" என்றார். இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும், அதனால் இருவரையும் ஒரே நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு இத்தனை பரிசோதனைகள் எழுதிக் கொடுத்த பழைய டாக்டர் ஒருநாளும் என் கணவரைப் பற்றிக் கேட்டதில்லை. இதை நினைத்தால் கோபம் வருகிறது.

மார்ச் 5

இரவு விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு என்ன குறை? எல்லாம் நல்லாத்தானே இருக்கு, உனக்கே தெரியுமே" என்றார். உறவில் குறை இல்லை, அது உண்மைதான். ஆனால் வெளியேறும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தருவது. விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. ஓர் அணுகூட இல்லாவிட்டாலும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, உடலுறவிலும் தெரியாது. நுண்நோக்கியில் பார்த்தால்தான் உண்டு. இதைச் சொன்னதும் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் இல்லை, பயம் என்று தோன்றியது.

மார்ச் 14

லேபுக்குப் போனோம். அதற்கு முன் 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளியேறாமல் இருக்கச் சொல்லியிருந்தார்கள். வரவேற்பில் எல்லோர் காதிலும் விழும்படி, "செமன் டெஸ்டா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். அவர் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். மூடி போட்ட கப் ஒன்றையும் ஒரு படிவத்தையும் கொடுத்தார்கள். ஒட்டினாற்போல் கழிவறை, வெளியே வரிசை, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

வெளியே வந்ததும் கப்பையும் படிவத்தையும் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் படியிறங்கினார். படிவம் மேசையிலேயே கிடந்தது. பெயரும் வயதும்தான் எழுதியிருந்தார். கடைசியாக விந்து வெளியேறியது எப்போது, சேகரித்த நேரம், ஏதாவது சிந்தியதா, கடந்த 3 மாதங்களில் காய்ச்சல் வந்ததா என எல்லாக் கட்டங்களும் காலி. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, அப்படியே எடுத்து வைத்துவிட்டாள்.

மார்ச் 16

அளவு 1.2 மில்லி. ஒரு மில்லியில் 30 லட்சம் அணுக்கள். முன்னோக்கி நீந்துபவை 18 சதவீதம்.

பக்கத்திலேயே உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின் கீழ்வரம்புகள்: 1.4 மில்லி, 1 கோடியே 60 லட்சம், 30 சதவீதம். அவர் ஒருமுறை பார்த்தார், மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். அன்று மாலை அத்தை போனில் வழக்கம்போல் என்னைத்தான் கேட்டார்: "உனக்கு என்னம்மா சொன்னாங்க?" அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பார்த்துட்டிருக்காங்க அத்தை" என்றேன்.

மார்ச் 19

விளக்கை அணைத்த பிறகு சொன்னார்: "முதல்ல வந்தது கப்புல விழல." வெளியே யாரோ தட்டிய பதற்றத்தில் தவறிவிட்டதாம். மீதியை மட்டும் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அதை லேபில் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று அப்படியே விட்டுவிட்டார்.

இது சின்ன விஷயமே இல்லை. அணுக்கள் செறிவாக இருப்பது முதலில் வரும் துளிகளில்தான், பின்னால் வருவதில் விந்துப்பைத் திரவம் அதிகம். முதல் துளி போனால் அளவு கொஞ்சம் குறையும், எண்ணிக்கை நிறையவே விழும். ஒரு மனிதர் வெட்கத்தில் சொல்லாமல் விட்ட ஒரு வரியால் அந்த ரிப்போர்ட்டே எதற்கும் உதவாமல் போயிற்று. நான்கு நாளாக அவர் தலைகுனிந்து திரிந்தது அந்தக் காகிதத்துக்காக.

மார்ச் 22

இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போனோம். சிந்தியதை அவரே சொன்னார். டாக்டர் அடுத்துக் காய்ச்சலைக் கேட்டார். ஜனவரிக் கடைசியில் ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தாரே! ஓர் அணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரங்கள். அதனால் மார்ச்சில் பார்த்தது, காய்ச்சலின்போது விரையில் உருவாகிக்கொண்டிருந்த அணுக்களைத்தான். ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டக் கூடாது, ஜூனில் மறுபடி பாருங்கள் என்றார்.

அந்தக் கீழ்வரம்பு பற்றியும் கேட்டேன். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசைப்படுத்தினால், கடைசி 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் கோடு அது. அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. இவர் மெல்ல, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் கவுண்ட் ஏறுமா என்று கேட்டார். யாரோ நண்பர் சொன்னாராம். டாக்டர் பதறிவிட்டார். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் போனால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், இருக்கிற உற்பத்தியும் அடங்கிவிடும். கேட்டாரே, நல்லவேளை.

ஜூன் 24

இந்த முறை வீட்டிலேயே. லேபில் முன்கூட்டியே கேட்டு, அவர்களுடைய கப்பை வாங்கி வந்தோம். வழுக்கும் களிம்பு எதுவும் கூடாது, சாதாரண ஆணுறையும் கூடாது, அவற்றில் அணுக்களைக் கெடுக்கும் பொருள் இருக்கலாம். கப்பைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டார். படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் அவர் கையாலேயே நிரப்பினார்.

2.6 மில்லி. மில்லிக்கு 1 கோடியே 10 லட்சம். நீந்துபவை 27 சதவீதம். அளவையும் எண்ணிக்கையையும் பெருக்கினால் மொத்தம் 2 கோடியே 86 லட்சம், மார்ச்சில் வெறும் 36 லட்சம். மொத்தத்துக்கான கீழ்வரம்பு 3 கோடியே 90 லட்சம். ஆக, குறை இருக்கிறது, ஆனால் மார்ச் ரிப்போர்ட் சொன்ன அளவுக்கு இல்லை.

ஜூலை 6

ஆண்களுக்கான நிபுணர் அவரை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையாலேயே பரிசோதித்தார். இடது விரைக்கு மேல் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றன. வெரிகோசீல். விரைப்பை உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு உற்பத்தி நன்றாக நடக்கும், ரத்தம் அங்கே தேங்கினால் சூடு ஏறிவிடும். கைக்குத் தெரியும் புடைப்பும் குறைந்த கவுண்ட்டும் சேர்ந்திருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம், ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்னப் புடைப்புக்குக் கத்தி வைப்பதில் பயனில்லை என்றார். ஹார்மோன் ரிப்போர்ட்டில் குறை இல்லை. பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும், எல்லோருக்கும் ஏறும் என்ற உறுதி கிடையாது. எனக்கு 31 வயதுதான், காத்திருக்க முடியும். சம்மதித்துவிட்டோம்.

ஜூலை 8

இன்றும் அத்தை போனில் என்னைத்தான் கேட்டார். அவர் கையை நீட்டி போனை வாங்கினார். "அம்மா, அவளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கவுண்ட் கம்மி. அடுத்த மாசம் சின்ன ஆபரேஷன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அத்தை, "ஆபரேஷன்னைக்கு நான் வரட்டுமாப்பா?" என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறார்.