தலைப்பு மட்டும் இங்கிலீஷாக வந்த மலர்

எங்கள் ஊரில் ஒருவருக்கு மணிவிழா. வாழ்த்துரைகளும் குடும்பப் படங்களும் சேர்த்து 112 பக்க மலர் போட வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். உள்ளே வரும் கட்டுரைகளை நோட்டோ செரிஃப் தமிழில் வைத்துவிட்டேன். தலைப்புகளுக்கு மட்டும் பெரியவரின் மருமகன் பென்டிரைவில் ஒரு ஃபான்ட் கொடுத்தார். பழைய பாமினி விசையமைப்பில் இருக்கும், கொஞ்சம் வளைவும் நெளிவுமான அலங்கார எழுத்து. "மாமாவுக்கு இந்த எழுத்துதான் பிடிக்கும்" என்றார். வேர்டில் பக்கம் கட்டி, பிடிஎஃப் ஆக்கி, அச்சகத்துக்கு அனுப்பினேன். என் திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து போன். "அண்ணே, உள்ள மேட்டர் எல்லாம் தமிழ்ல இருக்கு, தலைப்பு மட்டும் இங்கிலீஷ்ல வருது." ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் jkpo; என்று இருந்தது.

பாமினி தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். யூனிகோடுக்கு முந்தைய இந்த ஃபான்டுகளில் தமிழுக்கென்று தனிக் குறியீடு கிடையாது. கோப்புக்குள் இருப்பது j, k, p, o, ; என்பவைதான். j-க்கு 'த' வடிவத்தையும் k-க்கு 'ம' வடிவத்தையும் ஃபான்ட் வரைந்து காட்டுகிறது. ஃபான்ட் இல்லாவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துகள். ஆக, என் பிடிஎஃப்புக்குள் அந்த ஃபான்ட் போகவே இல்லை. என் கணினியில் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்த ஃபான்ட் அங்கே நிறுவப்பட்டிருந்தது. ரீடர் அதை எடுத்துக் காட்டிவிட்டது. இந்த ஏமாற்றத்தில் பலர் மாட்டுகிறார்கள். பிடிஎஃப்பைச் சோதிக்க, அதைச் செய்த கணினியே மோசமான இடம். அக்ரோபேட் ரீடரில் File, Properties, Fonts என்று போய்ப் பார்த்தேன். நோட்டோ பெயருக்குப் பக்கத்தில் Embedded Subset என்று இருந்தது, அதாவது பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் பிடிஎஃப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. தலைப்பு ஃபான்ட் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை.

வேர்டு ஏன் அதை விட்டது? ஃபான்ட் கோப்பை வலது கிளிக் செய்து Properties, Details என்று பார்த்தால், Font embeddability என்ற வரியில் Restricted என்று இருந்தது. எங்கிருந்து வருகிறது இது என்று பார்க்க, ஃபான்ட்டூல்ஸ் என்ற இலவசக் கருவியால் கோப்பைத் திறந்தேன்.

```
ttx -t OS/2 thalaippu.ttf
```

வெளிவந்த கோப்பில் ஒரு வரி:

```
<fsType value="00000000 00000010"/>
```

கடைசியில் இருப்பதைப் பத்து என்று படிக்கக்கூடாது. இது இரும எண், மதிப்பு 2. ட்ரூடைப், ஓபன்டைப் ஃபான்டுகளில் OS/2 என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதில், இந்த ஃபான்டை ஆவணத்துக்குள் வைத்து அனுப்பலாமா என்று சொல்லும் இடம்தான் fsType. 0 என்றால் தாராளமாக வைக்கலாம், பெறுகிறவர் நிறுவிக்கொள்ளவும் தடையில்லை. 8 என்றால் வைக்கலாம், பெறுகிறவர் ஆவணத்தைத் திருத்தவும் செய்யலாம். 4 என்றால் பார்க்கவும் அச்சிடவும் மட்டும். பிடிஎஃப்புக்கு இந்த மூன்றில் எது இருந்தாலும் போதும். 2 மட்டும்தான், உரிமையாளரிடம் வெளிப்படையாக அனுமதி வாங்காமல் வைக்காதே என்பது. வேர்டு அதைப் படித்து, கைகட்டி நின்றுவிட்டது.

எனக்கே தெரியாமல் இதில் என் பங்கும் இருந்தது. வேர்டில் பிடிஎஃப் சேமிக்கும்போது Options-க்குள் "Bitmap text when fonts may not be embedded" என்று ஒரு பெட்டி உண்டு. எம்பெட் செய்ய முடியாத எழுத்தைப் படமாக மாற்றி வைப்பது அதன் வேலை. எப்போதோ ஒரு வேலையில் எழுத்து மங்கலாக வந்ததென்று நான் அந்த டிக்கை எடுத்திருக்கிறேன். இப்போது திரும்பப் போட்டு அனுப்பினேன். தலைப்புகள் தமிழில் வந்தன. ஆனால் 36 புள்ளி அளவில் ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக இருந்தது. அச்சகத்துக்காரர் ஒரு பக்கத்தை அடித்துக் காட்டி, "இப்படியே போடவா?" என்று கேட்டார். அவர் கேட்ட தொனியிலேயே பதில் இருந்தது.

தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ஃபான்ட்ஃபோர்ஜில திற, அந்த ரெண்டை சைபர் ஆக்கு, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். உண்மைதான். அந்தக் குறிக்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. 2005-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் அக்ஃபா மோனோடைப் நிறுவனம் அடோபி மேல் போட்ட வழக்கில் இதே விஷயம்தான் வந்தது. அக்ரோபேட் 5 எம்பெட் குறிகளை மீறுகிறது, ஆகவே அது டிஎம்சிஏ என்ற அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் சொல்லும் தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைக்கும் கருவி என்பது மோனோடைப் வாதம். குறி என்பது ஃபான்டைத் தொடவிடாமல் காக்கும் பாதுகாப்பே அல்ல என்று நீதிமன்றம் சொல்லி, அடோபி பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு என் சிக்கலைத் தீர்க்காது. குறி பூட்டு இல்லை என்பது ஒன்று, எனக்கு உரிமை இருக்கிறது என்பது வேறொன்று. உரிமை எழுதியிருப்பது ஃபான்டோடு வரும் ஒப்பந்தத்தில். குறியும் ஒப்பந்தமும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. தனியாளாக ஃபான்ட் செய்தவர் அந்தப் பெட்டியைக் கவனிக்காமலே 2 என்று விட்டிருக்கலாம். அவரிடம் கேட்டால் "தாராளமாக வையுங்கள்" என்று சரியான கோப்பை அனுப்பிவிடக்கூடும். 0 என்று இருந்தும், ஒப்பந்தம் மின்னூலில் வைக்கக்கூடாது என்று சொல்லலாம். கோப்பைத் திருத்தவே கூடாது என்று பல ஒப்பந்தங்களில் தனி வரியே இருக்கும்.

எனவே கேட்டுவிடலாம் என்று, ஃபான்டுக்குள் காப்புரிமை வரியில் இருந்த முகவரிக்கு எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது. உரிமம் வாங்கியவர் அச்சிட்ட தாளுக்குப் பயன்படுத்தலாம், பிடிஎஃப்பாகப் பரப்ப வேறு உரிமம் வேண்டும், வாங்கியவர் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். மருமகனைக் கேட்டேன். அவருக்கு அது ஏதோ ஒரு சிடியில் கிடைத்ததாம். எந்த உரிமத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடும் வழியும் உண்டு. இன்டிசைனிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ Create Outlines கொடுத்தால் ஃபான்டே தேவைப்படாது, ஓரமும் கூர்மையாக இருக்கும். தேடினால் தலைப்பு அகப்படாது என்பதுதான் குறை. முறையான உரிமம் இருந்து, ஒப்பந்தமும் அனுமதித்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். உரிமமே இல்லாத ஃபான்டை எந்த வடிவில் வைத்தால் என்ன?

கடைசியில் கேடமரன் என்ற ஃபான்டின் தடித்த வடிவத்தை எடுத்தேன். அது ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் வருகிறது. அந்த ஃபான்டைக் கொண்டு செய்யும் ஆவணங்களுக்கு அதன் நிபந்தனைகள் ஒட்டாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. 31 தலைப்புகளையும் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இந்த முறை பிடிஎஃப்பை முதலில் என் போனில் திறந்தேன், பிறகு எந்தத் தமிழ் ஃபான்டும் கூடுதலாகப் போடாத அண்ணியின் மடிக்கணினியில். Fonts பட்டியலில் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் Embedded Subset.

மலர் வந்ததும் பெரியவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. அந்தத் தலைப்பு எழுத்துதான், முன்னாடி காட்டினீங்களே, அது இன்னும் நல்லா இருந்துச்சு" என்றார்.