அரக்கு ரவிக்கை

27 செப்டம்பர் 2025, சனி

போன வருஷம் தலை தீபாவளி. கிள்ளானில் என் அம்மா வீட்டில் கழிந்தது, யாருக்கு என்ன வாங்குவது என்ற பேச்சே எனக்கு எழவில்லை. இந்த வருஷம் பட்டர்வொர்த்தில், அவர் வீட்டில். மருமகளாக நான் போகும் முதல் தீபாவளி.

கையில் இருப்பது 450 வெள்ளி. வண்டி ரிப்பேருக்குப் போனது போக இதுதான் மிச்சம். பஸ் டிக்கெட்டுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அத்தை, ஓரகத்தி அக்கா, நாத்தனார் அண்ணி, இரண்டு வீட்டு ஆண்கள், பிள்ளைகள் மூன்று பேர். மொத்தம் எட்டுப் பேர்.

"அம்மாவுக்கு எதுவும் வேணாம்னுதான் சொல்வாங்க" என்கிறார் இவர். அத்தை அப்படித்தான் சொல்வார், வாங்காமல் போனால் எனக்குத்தான் மனசு ஆறாது.

28 செப்டம்பர், ஞாயிறு

செந்தூலில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினேன். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. விலை 280. "அசல் பட்டு, அக்கா" என்றான் பையன். அத்தை தோளில் அதைப் போட்டுப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்குச் சுருக்கிக்கொள்ளலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டுவிட்டது.

அந்தக் கடையில் வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர் நான் தயங்குவதைப் பார்த்து அஞ்சடிக்குக் கூப்பிட்டார். முந்தானைக் குஞ்சத்திலிருந்து உருவிய ஒரு நூல் அவர் விரலில் இருந்தது. தீக்குச்சியை வைத்தார். நூல் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு சின்ன மணிபோல இறுகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம். "பட்டுன்னா தலைமயிர் கருகுன வாடை வரும்மா. சாம்பல் விரல்ல நசுக்குனா பொடியாப் போயிடும். இது நசுங்காது" என்றார். நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை.

வெறுங்கையோடு வந்துவிட்டேன். அவர் வேலைக்கு அதனால் எதுவும் வந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

30 செப்டம்பர், செவ்வாய்

ராத்திரி அக்காவுக்கு போன் போட்டேன். ஓரகத்தியிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். கேட்டது நல்லதாகப் போயிற்று.

"நீ எத்தனை வெள்ளியில பார்க்குற?" என்று நேராகவே கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் போன வருஷம் அத்தைக்கு நூத்தி நாப்பதுல எடுத்தேன்மா" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் சமைத்துப் போடும் மூத்த மருமகள் 140 வெள்ளியில் சேலை கொடுக்கும்போது, நேற்று வந்தவள் 280-க்குக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் பிரித்தால் அக்கா முகம் எப்படி இருக்கும்? சொந்தக்காரர்கள் விலையைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார். எனக்குத் தோன்றாதது. "ரவிக்கை? இங்க தையல்காரம்மா நவராத்திரிக்கு முந்தியே ஆர்டர் முடிச்சுட்டாங்க. நீ முந்துன நாள் சேலையைக் கொண்டாந்து குடுத்தா அத்தை எதுக்கு மேல கட்டுவாங்க?"

தீபாவளிக்குக் கொடுக்கும் சேலையைத் தீபாவளியன்று கட்ட முடியாது என்றால் அது அலமாரிக்குக் கொடுத்ததுபோலத்தான். ரவிக்கைத் துணியை மட்டும் வெட்டி முன்கூட்டியே அனுப்பலாம் என்றால் தைக்க ஆள் இல்லை. அத்தையிடம் இருக்கும் ரவிக்கைக்குப் பொருத்தமாகச் சேலை எடுப்பது ஒன்றுதான் வழி.

2 அக்டோபர், வியாழன்

அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அக்கா படம் அனுப்பினார். கட்டிலில் ஐந்து ரவிக்கைகள். இரண்டு இப்போது இறுக்கிப் பிடிக்கின்றனவாம். ஒன்று வெளிறிப்போயிருக்கிறது. மிச்சம் பச்சை ஒன்று, அரக்கு ஒன்று. அரக்குதான் போன பொங்கலுக்குத் தைத்ததாம், அளவும் சரியாக இருக்கிறதாம்.

ஆனால் டியூப் லைட்டில் அது எனக்குக் காப்பிக்கொட்டை நிறமாகத் தெரிந்தது. பகலில் ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ஒரு காய்ந்த மிளகாயையும் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். மிளகாய் என் அடுப்படியிலும் இருக்கிறது, அவர் அடுப்படியிலும் இருக்கிறது. படத்தில் மிளகாயைவிட ரவிக்கை ஒரு பிடி கறுப்பு. அது போதும் எனக்கு.

5 அக்டோபர், ஞாயிறு

கைப்பையில் நாலு காய்ந்த மிளகாயோடு பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன். மூன்றாவது கடையில் கிடைத்தது. கோரா காட்டன், பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது. உடல் சந்தன நிறம், கரை அரக்கு. கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் கரையோரம் மிளகாயை வைத்துப் பார்த்தேன். மிளகாயைவிட ஒரு பிடி கறுப்பு. 145 வெள்ளி.

அத்தைக்கு முட்டிவலி. தீபாவளியன்று விடிந்ததிலிருந்து அடுப்படியில்தான் நிற்பார். கனமான சேலையை அவர் பூஜை முடிந்ததும் மாற்றிவிடுவார். இதை மத்தியானம் வரை கட்டியிருக்கலாம்.

அக்காவுக்கும் அண்ணிக்கும் ஒரே விலை, ஒரே ரகம், நிறம் மட்டும் வேறு. தலைக்கு 75. இதில் ஐந்து வெள்ளி வித்தியாசம்கூட வைக்கக் கூடாது என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஆண்களுக்கு வேட்டி 30, 30. நாலு முழமா, எட்டு முழமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. அண்ணன் எட்டு முழம்தான் கட்டுவார், அண்ணி வீட்டுக்காரருக்கு ஒட்டிக்கோ.

7 அக்டோபர், செவ்வாய்

என் பட்டியலில் ஒருவரை விட்டிருக்கிறேன். மாமா. நான் அவரைப் பார்த்ததில்லை, கூடத்தில் படமாகத்தான் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் புதுத்துணியெல்லாம் அவர் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டில் உடுத்துவார்கள். அவருக்கென்றும் ஒரு வேட்டி இருக்கும்.

"அதை நானே வாங்கிடவா, அக்கா?"

"வேணாம்மா. அது பெரியவன் கடமைன்னு அத்தை வச்சிருக்காங்க. நீ துண்டு வாங்கிக்க. மாமா எப்பவும் பச்சைக் கரைதான் போடுவாரு."

பச்சைக்கரைத் துண்டு, 12 வெள்ளி. பிள்ளைகளுக்கு அங்பாவ் பத்துப் பத்தாக 30. இனிப்பும் பழமும் 45. கூட்டினால் 442. எட்டு வெள்ளி மிச்சம், அதில் பூ வாங்கிக்கொள்வேன்.

18 அக்டோபர், சனி

பஸ் ஏழு மணி நேரம் ஓடியது. ஈப்போவுக்கு முன்னால் அசையவே இல்லை. பினாங்கு சென்ட்ரலில் அண்ணன் வந்து கூட்டிப்போனார். நாளைக்கு வந்திருந்தால் படையலுக்குத் துணி போய்ச் சேர்ந்திருக்காது.

19 அக்டோபர், ஞாயிறு

சாயங்காலம் அத்தை ஒவ்வொரு துணியாகப் பிரித்து மூலையில் மஞ்சள் தடவினார். சந்தனச் சேலை வந்ததும் கரையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "இதுக்கு எங்கிட்ட ரவிக்கை இருக்கே" என்றார். அறைக்குள் போய் அந்த அரக்கு ரவிக்கையை எடுத்துவந்து கரையோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு இரண்டையும் ஒன்றாகவே மடித்துத் தட்டில் வைத்தார்.

துண்டைக் கடைசியில் எடுத்தார். கரையைக் கட்டைவிரலால் நீவி, "யார் சொன்னா உனக்கு?" என்று கேட்டார். அக்கா சொன்னார் என்றேன். அண்ணன் வாங்கிவந்த வேட்டியின் மேல் அதை விரித்து வைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுக் கற்பூரம் ஏற்றச் சொன்னார்.